மடக்கைக் கணக்கில் அட்டவணையைத் தொடுமுன்

7 log(16/15) + 5 log(25/24) + 3 log(81/80) = log 2 என நிறுவுக. மடக்கைப் பயிற்சிகளில் அடிக்கடி தலைகாட்டும் கணக்கு இது. அடிமானம் 10 என்று வைத்துக்கொண்டு, நான்கு இலக்க மடக்கை அட்டவணையில் மதிப்புகளைத் தேடி எழுதினால் log(16/15) = 0.0280, log(25/24) = 0.0177, log(81/80) = 0.0054 என்று கிடைக்கும். இவற்றை முறையே 7, 5, 3 ஆல் பெருக்கிக் கூட்டினால் வருவது 0.3007. ஆனால் log 2 இன் மதிப்பு 0.3010. பெருக்கலிலும் கூட்டலிலும் தவறு எதுவும் இல்லை. நான்காம் இலக்கத்தோடு நிறுத்தியபோது விடுபட்ட சிறு மீதி, ஏழு மடங்காகவும் ஐந்து மடங்காகவும் பெருகிவிட்டது.

எண்களை உடைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கலே எழாது. 16 = 2⁴, 15 = 3 × 5, 25 = 5², 24 = 2³ × 3, 81 = 3⁴, 80 = 2⁴ × 5. ஆறு எண்களிலும் 2, 3, 5 என்ற மூன்று பகா எண்களே உள்ளன. கணக்கை அமைத்தவர் வேண்டுமென்றே இப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறார். பள்ளிக் கணக்குகளில் விசித்திரமான எண்கள் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பெருக்கலின் மடக்கை மடக்கைகளின் கூட்டல். வகுத்தலின் மடக்கை அவற்றின் கழித்தல். அடுக்கு முன்னால் வந்து பெருக்கும் எண்ணாகிவிடும். இந்த மூன்று விதிகளின்படி முதல் உறுப்பு 7(4 log 2 − log 3 − log 5) ஆகிறது. இரண்டாவது 5(2 log 5 − 3 log 2 − log 3). மூன்றாவது 3(4 log 3 − 4 log 2 − log 5). இனி ஒவ்வொரு பகா எண்ணுக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தால் போதும். log 2 இன் கெழுக்கள் 28 − 15 − 12, அதாவது 1. log 3 க்கு −7 − 5 + 12, அதாவது 0. log 5 க்கு −7 + 10 − 3, அதுவும் 0. எஞ்சுவது log 2 மட்டுமே. அட்டவணையும் வேண்டாம், தோராயமும் வேண்டாம். அடிமானம் 10 என்று கொண்டதுகூட அவசியமில்லை. எந்த அடிமானத்துக்கும் இது பொருந்தும்.

அடுக்குக்குறிக் கணக்குகளிலும் வழி ஏறக்குறைய இதுதான். ஆனால் அங்கே இடையில் கூட்டலோ கழித்தலோ வந்தால் மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

(2ⁿ⁺⁴ − 2·2ⁿ) / (2·2ⁿ⁺³)

இதில் மேலே உள்ள 2ⁿ⁺⁴ ஐயும் கீழே உள்ள 2·2ⁿ⁺³ ஐயும் அடித்துவிட்டு −2·2ⁿ என்று விடை எழுதுபவர்கள் உண்டு. அடுக்குகளைக் கூட்டும் விதியும் கழிக்கும் விதியும் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியவை. இரண்டு அடுக்குகளின் கழித்தலில் ஓர் உறுப்பை மட்டும் அடிக்க அவை இடம் தருவதில்லை. கழித்தலை முதலில் பெருக்கலாக மாற்ற வேண்டும். 2ⁿ⁺⁴ என்பது 16·2ⁿ. ஆகவே தொகுதி 2ⁿ(16 − 2), பகுதி 16·2ⁿ. இப்போது 2ⁿ பொதுக் காரணி; அதை அடித்தால் 14/16, அதாவது 7/8. விடையில் n இல்லாததால் சரிபார்ப்பதும் எளிது. n = 1 என்று போட்டால் தொகுதி 32 − 4 = 28, பகுதி 32; விகிதம் அதே 7/8. முன்பு சொன்ன தவறான விடையோ −4 என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மடக்கையிலும் கூட்டலுக்கு இதே தடை உண்டு. log(a + b) ஐப் பிரிக்கப் பொது விதி எதுவும் இல்லை. அதை log a + log b என்று எழுதுவது log(ab) என்று எழுதுவதற்குச் சமம்.

சமன்பாடு என்று வரும்போது, சுருக்கிய பிறகும் ஒரு வேலை மீதி இருக்கிறது. அடிமானம் 10 உடைய log x + log(x − 3) = 1 ஐ log[x(x − 3)] = 1 என்று சுருக்கினால் x² − 3x − 10 = 0 வரும். தீர்வுகள் 5, −2. x = 5 எனில் log 5 + log 2 = log 10 = 1; சரி. x = −2 எனில் சுருக்கிய வடிவத்தில் (−2)(−5) = 10 என்று அதுவும் பொருந்துகிறது. மூலச் சமன்பாட்டிலோ log(−2) என்று வந்து நிற்கும். மெய்யெண்களில் குறையெண்ணுக்கு மடக்கை கிடையாது. இரண்டு குறையெண்களின் பெருக்கல் மிகையெண் ஆவதால், மூலத்தில் இடமில்லாத x மதிப்புகளுக்கும் சுருக்கிய வடிவம் கதவைத் திறந்துவிடுகிறது. எனவே x > 3 என்ற நிபந்தனையைச் சுருக்குவதற்கு முன்பே ஓரத்தில் குறித்துக்கொண்டு, கடைசியில் −2 ஐ நீக்கிவிட வேண்டும்.