கீசர் மேனுவலில் 5-வதாக வரும் வரி ஏன் முதலில் வரணும்? ஒரு மேனுவலில் தப்பு கண்டுபிடிப்பது எப்படி?

புது கீசர் மாட்டியாச்சு. டெக்னீஷியன் கிளம்பிட்டார். கையில் இருப்பது ஒரு மேனுவல் மட்டும்தான். அதில் 'முதல் முறை இயக்குதல்' என்ற பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு நிறுவனத்தின் மேனுவலும் அல்ல. இந்த வகை மேனுவல்களில் வரக்கூடிய தவறுகளை ஒரே இடத்தில் காட்டுவதற்காக நாம் எழுதிய மாதிரிப் பக்கம்:

1. பிளக்கை 16 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகி, சுவிட்சை ஆன் செய்யவும்.
2. தெர்மோஸ்டாட்டை விரும்பிய நிலையில் வைக்கவும்.
3. இன்லெட் வால்வைத் திறக்கவும்.
4. அவுட்லெட்டில் சீரான நீர்வரத்தை உறுதி செய்யவும்.
5. மின் இணைப்பு தருவதற்கு முன் டேங்க் நிரம்பியிருப்பது அவசியம்.
6. எம்.எஃப்.வி. வழியே நீர் கசிவது இயல்பானது.
7. கட்-அவுட் ட்ரிப் ஆனால் ரீசெட் செய்யவும்.

மேலோட்டமாகப் படித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. தேவையான தகவல் எல்லாமே உள்ளே இருக்கு. ஆனால் இதே பக்கத்தை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தேடிப் படித்தால், இது வெளியே போகக் கூடாத பக்கம் என்று தெரியும். முதல் முறை வரிசை, இரண்டாவது முறை எச்சரிக்கை, மூன்றாவது முறை புரியாத சொற்கள்.

வரிசை: 5-வது வரிக்கு வரும்போது என்ன ஆகியிருக்கும்?

மேனுவலை யாரும் கதை போல முழுசாகப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை. ஒரு வரி படிப்போம், அதைச் செய்வோம், அடுத்த வரிக்குப் போவோம். அதனால் வரிசையைச் சோதிக்க எளிய வழி இதுதான்: ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, "இந்த நிமிஷம் கீசர் எந்த நிலையில் இருக்கு?" என்று பக்கத்தில் எழுதுங்கள்.

1-வது வரி முடிந்ததும் நிலை: மின்சாரம் இருக்கு, தண்ணீர் இல்லை. 3-வது வரி வரை இதே நிலைதான். அதற்குள் உள்ளே இருக்கும் ஹீட்டிங் எலிமென்ட் சூடேறத் தொடங்கியிருக்கும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இல்லாததால் எலிமென்ட்டின் வெப்பம் வேகமாக எகிறும். பாதுகாப்பு அமைப்பு சரியான நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கலாம். துண்டிக்கத் தாமதமானால் எலிமென்ட் கருகிவிடும். 'டேங்க் நிரம்பியிருப்பது அவசியம்' என்று 5-வது வரியில் படிக்கும்போது, நடந்தது நடந்திருக்கும்.

'முன்', 'அதற்கு முன்னதாக', 'ஏற்கெனவே' போன்ற சொற்கள் மேனுவலில் எங்கே வந்தாலும் அடிக்கோடு போடுங்கள். ஒரு வேலையைச் சொன்ன பிறகு 'அதற்கு முன்' என்று வந்தால், பெரும்பாலும் அங்கே வரிசை தப்பியிருக்கும்.

4-வது வரியில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சுடுநீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று ஏன் பார்க்கணும்? கீசரில் சுடுநீர் வெளியேறும் குழாயின் வாய் டேங்க்கின் மேல்பகுதியில் இருக்கும். தண்ணீர் அந்த உயரத்தை எட்டினால்தான் வெளியே வரும். அதாவது சுடுநீர்க் குழாயில் காற்று கலக்காமல் தண்ணீர் வந்தால், டேங்க் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். மேனுவல் இந்தக் காரணத்தைச் சொல்லாததால் ஒரு தவறு எளிதாக நடக்கும். உங்கள் பாத்ரூமில் மிக்ஸர் டேப் இருந்து, அது நடுவில் திருப்பப்பட்டிருந்தால், பச்சைத்தண்ணீர் 'சீராக' வரும். கீசர் இன்னும் நிரம்பாமல் இருக்கலாம். எழுதியதை அப்படியே செய்தவர்தான் இங்கே மாட்டிக்கொள்வார்.

எச்சரிக்கை: 'இயல்பானது' என்று சொன்னால் போதுமா?

6-வது வரியில் பொய் எதுவும் இல்லை. எம்.எஃப்.வி. என்பது மல்டி ஃபங்ஷன் வால்வு. பச்சைத்தண்ணீர் கீசருக்குள் நுழையும் குழாயில் மாட்டியிருக்கும் சின்ன வால்வு அது. உள்ளே போன தண்ணீரைத் திரும்ப வெளியே வரவிடாது. அழுத்தம் எல்லை தாண்டினால் கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டுவிடும்.

அழுத்தம் ஏன் ஏறுகிறது? தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் அரை லிட்டர் கூடும். மூடிய டேங்க்கில் அந்த அரை லிட்டருக்கு இடம் கிடையாது. வந்த வழியே திரும்பவும் முடியாது. ஆகவே வால்வின் சின்னத் துளை வழியே சொட்டுகிறது.

இப்போது வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். தினமும் பாத்ரூம் சுவரில் தண்ணீர் சொட்டுகிறது. 'இயல்பானது' என்று படித்தவர்கூட ஒரு கட்டத்தில் எரிச்சலாகி, அதில் எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம். அடைக்கக் கூடாது என்று மேனுவல் எங்கேயும் சொல்லவில்லையே! அடைத்த பிறகு ஒருநாள் தெர்மோஸ்டாட்டும் அடுத்த பாதுகாப்பும் பழுதானால், சூடு ஏறிக்கொண்டே போகும். அழுத்தம் வெளியேற வழி இருக்காது. டேங்க் வெடிக்கும் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சேமிப்பு வகை வாட்டர் ஹீட்டர்களுக்கான ஐ.இ.சி. 60335-2-21 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரநிலை, மேனுவலில் இதைப் பற்றிச் சொல்லியே ஆகணும் என்கிறது. வால்வின் வெளியேற்றுக் குழாயில் தண்ணீர் சொட்டலாம், அந்தக் குழாயின் வாய் திறந்தே இருக்கணும், சுண்ணாம்புப் படிவு அடைக்காமல் இருக்க வால்வை அவ்வப்போது இயக்கிப் பார்க்கணும். நம் மாதிரிப் பக்கத்தில் இருப்பது முதல் பாதி மட்டும்தான்.

எச்சரிக்கைகளைத் தேடிப் படிக்கும்போது ஒவ்வொரு வரியிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். ஆபத்து எது? அதனால் என்ன ஆகும்? எப்படித் தவிர்ப்பது? இந்த வரி, வேலைக்கு முன்னால் வருகிறதா? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் 6-வது வரி இப்படி மாறும்:

'எச்சரிக்கை: வால்வின் துளையை எதைக் கொண்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் அழுத்தம் ஏறி டேங்க் வெடிக்கலாம். தண்ணீர் சூடாகும்போது சொட்டி, பிறகு நின்றால் அது இயல்பு. கீசர் ஆஃபில் இருக்கும்போதும் நிற்காமல் சொட்டினால் சர்வீஸ் சென்டரை அழையுங்கள். ஆவியோ கொதிநீரோ பீய்ச்சினால் அருகில் போகாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள்.'

வரி நீண்டுவிட்டது, உண்மைதான். ஆனால் எது சாதாரணம், எது பழுது, எது அவசரம் என்று படிப்பவரால் இப்போது பிரித்துப் பார்க்க முடியும்.

புரியாத சொற்கள்: எந்த கட்-அவுட்?

நம்ம ஊரில் கட்-அவுட் என்றால் தியேட்டர் வாசலில் நிற்பது. கீசரில் அது வேற. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது வேலை செய்யாமல் போனால் இரண்டாவது காவலாளியாக நின்று மின்சாரத்தைத் துண்டிப்பது தெர்மல் கட்-அவுட். துண்டிப்பதைத்தான் 'ட்ரிப்' என்கிறார்கள்.

இந்த அர்த்தம் தெரிந்ததும் 7-வது வரி எவ்வளவு ஆபத்தானது என்று புரியும். கட்-அவுட் ட்ரிப் ஆகிறது என்றால், தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கலாம். அல்லது தண்ணீர் இல்லாமல் கீசர் ஓடியிருக்கலாம். காரணத்தைப் பார்க்காமல் ரீசெட் பட்டனை அழுத்துவது, தூங்கும் முதல் காவலாளியை எழுப்பாமல் இரண்டாவது ஆளையும் வீட்டுக்கு அனுப்புவது போலத்தான். அதோடு, பல மாடல்களில் அந்தப் பட்டன் மூடிக்கு உள்ளே, மின்சாரம் பாயும் இணைப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த மாடல்களில் 'மின் இணைப்பைத் துண்டியுங்கள், மூடியை நீங்களே திறக்காதீர்கள், டெக்னீஷியனை அழையுங்கள்' என்பதுதான் அங்கே இருக்க வேண்டிய வரி.

மேனுவலில் வரும் எல்லா டெக்னிக்கல் சொல்லையும் விளக்கினால் அது பாடப்புத்தகம் ஆகிவிடும். எதை விளக்குவது? அந்தச் சொல்லை வைத்துப் படிப்பவர் ஏதாவது செய்யணுமா, முடிவு எடுக்கணுமா என்று பாருங்கள். ஆமாம் என்றால் அதே இடத்தில் விளக்கம் வேணும். கடைசிப் பக்க அகராதி உதவாது.

உதாரணமாக, 'ரேட்டட் பிரஷர் 0.8 எம்.பி.ஏ.' என்று இருக்கும். அது 8 பார் அழுத்தம். சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீர் 1 பார் அழுத்தம் தரும். மொட்டை மாடி டேங்க்கிலிருந்து நேராகத் தண்ணீர் வரும் தனி வீட்டுக்கு இது பிரச்னையே இல்லை. உயரமான அடுக்குமாடியிலோ பிரஷர் பம்ப் வைத்த வீட்டிலோதான் இந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கணும். '16 ஆம்பியர் சாக்கெட்' என்பதும் அப்படித்தான். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் போட்டு மாட்டினால் சாக்கெட் சூடாகி உருகலாம். அந்த ஒரு வரிக் காரணம் இருந்தால் யாரும் அடாப்டரைத் தேடமாட்டார்கள்.

திருத்திய பக்கம் எப்படி இருக்கும்?

வால்வு எச்சரிக்கை பக்கத்தின் உச்சியில் வரும். அதன் கீழே:

1. சுவிட்ச் ஆஃப், பிளக் வெளியே இருப்பதைப் பாருங்கள்.
2. கீசருக்குத் தண்ணீர் வரும் இன்லெட் வால்வைத் திறங்கள்.
3. சுடுநீர்க் குழாயை முழுதாகத் திறங்கள். மிக்ஸர் டேப் என்றால் சுடுநீர்ப் பக்கம் கடைசி வரை திருப்புங்கள்.
4. காற்று கலக்காமல் தண்ணீர் வரும் வரை காத்திருங்கள். அப்போதுதான் டேங்க் நிரம்பியிருக்கும்.
5. குழாயை மூடி, இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.
6. பிளக்கை 16 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகி, சூட்டின் அளவை வைத்து, ஆன் செய்யுங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு சோதனை பாக்கி. கீசரைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். மின் இணைப்பு இல்லாத கீசர் முன் நின்று, ஒவ்வொரு வரிக்கும் எதைத் தொடுவார் என்று விரலால் மட்டும் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் முந்தின வரிக்குத் திரும்பிப் போனால் அங்கே வரிசை சரியில்லை. விரல் தவறான இடத்தைக் காட்டினால் அங்கே ஒரு சொல் புரியவில்லை.

மேனுவல் தப்பாக இருந்தால் யார் பொறுப்பு?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 84-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. ஆபத்தைத் தடுக்கும் அளவுக்குச் சரியான பயன்பாட்டு வழிமுறைகளோ, தவறாகப் பயன்படுத்துவது பற்றிய எச்சரிக்கையோ இல்லாத பொருளால் பாதிப்பு ஏற்பட்டால், தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த, வெளிப்படையான ஆபத்தைச் சொல்லவில்லை என்று அவர் மீது பொறுப்பைச் சுமத்த முடியாது என்கிறது 87-வது பிரிவு. சுடுநீர் சுடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சொட்டும் வால்வை அடைத்தால் டேங்க் வெடிக்கலாம் என்பது அப்படி எல்லோருக்கும் தெரிந்த விஷயமா?

உங்கள் வீட்டு மேனுவலில் இப்படி ஒரு குறை இருந்தால், அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் தரலாம். அதுவரை மேனுவலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அதில் என்ன எழுதியிருந்தது, என்ன எழுதவில்லை என்பதற்கு அதுதான் ஆதாரம்.