முடி என்றால் மயிர் மட்டுமா?

'அடி' என்பதன் எதிர்ச்சொல் எது? கால், அணை, முடி, தடு என நான்கு விடைகள். 'முடி'யைத் தலைமயிர் என்று எண்ணிப் பலர் உடனே ஒதுக்கிவிடுவார்கள். அடிப்பதற்கு எதிர் அணைப்பதுதானே என்று 'அணை'யைத் தொடுவார்கள். அடிக்கு எதிர் அடிக்காமல் இருப்பதே. அணைப்பது வேறு செயல். 'கால்' அடிக்கு இன்னொரு பெயர், எதிர்ச்சொல் அல்ல. 'அடி'க்குக் கீழ்ப்பகுதி என்றும் பொருள் உண்டு. 'முடி'க்கு உச்சி என்றும் உண்டு. சிவனின் அடிமுடி தேடிய கதை தெரிந்தவருக்கு விடை கைமேல் இருக்கிறது.

ஆகவே ஒரு சொல்லை ஒதுக்குமுன் அதன் மற்றப் பொருள்களையும் ஓட்டிப் பாருங்கள். பிறகு இரு சொல்லையும் ஒரே வாக்கியத்தில் வையுங்கள்: 'மரத்தின் அடி, மரத்தின் முடி.' பொருந்துகிறது. 'தடு' இடத்துக்குள் 'நுனி'யும் இருந்திருந்தால்? அப்போது இரண்டும் சரி. பிழை வினா எடுத்தவருடையது.