எண் ஒன்று, படம் நான்கு

இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறுகின்றனவா, ஒன்று ஏற மற்றது இறங்குகிறதா என்பதை ஒரே எண்ணில் சொல்வது ஒட்டுறவுக் கெழு. அது −1க்கும் +1க்கும் இடையில் இருக்கும். +1 என்றால் முழு இசைவு, −1 என்றால் முழு எதிர்ப்போக்கு, 0 என்றால் ஒட்டுறவு ஏதும் தென்படவில்லை. பள்ளியில் இதன் இரண்டு வகைகளைப் படிக்கிறோம்: கார்ல் பியர்சன் பெயரில் ஒன்று, சார்லஸ் ஸ்பியர்மேன் பெயரில் ஒன்று. எதை எப்போது பயன்படுத்துவது என்று கேட்டால் ‘தரவு ஒழுங்காக இருந்தால் பியர்சன், இல்லாவிட்டால் ஸ்பியர்மேன்’ என்று பலரும் சொல்வார்கள். தரவு ஒழுங்காக இருக்கிறதா என்பது எப்படித் தெரியும்? அதற்கு முதலில் படம் வரைய வேண்டும்.

யேல் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973இல் இதை நான்கு சிறிய அட்டவணைகளால் மெய்ப்பித்தார். கணக்கீடுதான் துல்லியமானது, வரைபடம் வெறும் தோராயம் என்று அன்றைக்குப் பரவியிருந்த எண்ணத்தை மறுப்பதே அவர் நோக்கம். ஒவ்வோர் அட்டவணையிலும் பதினொரு சோடி எண்கள். நான்கிலும் முதல் அளவின் சராசரி 9, இரண்டாம் அளவின் சராசரி 7.5. பியர்சன் கெழுவும் நான்கிலும் 0.816தான். கணக்கோடு நின்றுவிடுபவர் நான்கும் ஒரே மாதிரியான தரவு என்றே முடிவு செய்வார். புள்ளிகளைத் தாளில் குறித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று எந்தச் சாயலும் இல்லாத நான்கு உருவங்கள் தெரியும்.

முதல் அட்டவணையில் புள்ளிகள் ஒரு சாய்ந்த நேர்கோட்டைச் சுற்றிச் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாவதில் அவை வழுவழுப்பான வளைவாக ஏறி, உச்சி தொட்டு, இறங்குகின்றன. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் ஏறக்குறைய பிசகில்லாத நேர்கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் மேலே விலகி நிற்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் அடுக்கியிருக்க, பதினொன்றாவது வெகுதொலைவில் தனித்து நிற்கிறது.

இந்த நான்குக்கும் பியர்சன் ஒரே விடை தருவதன் காரணம் அந்தக் கணக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வோர் எண்ணும் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, சோடியின் இரு விலக்கங்களையும் பெருக்கி, எல்லாப் பெருக்குத்தொகைகளையும் கூட்டுகிறோம். புத்தகங்களில் இதை ‘புரொடக்ட் மொமென்ட்’ கெழு என்று அழைப்பது இந்தப் பெருக்கலால்தான். பிறகு அந்தக் கூட்டுத்தொகையை இரு அளவுகளின் பரவலைக் கொண்டு வகுத்தால் கெழு கிடைக்கும். பெருக்கல் என்பதால் சராசரியிலிருந்து தொலைவில் நிற்கும் புள்ளிக்கு மிகப் பெரிய எடை விழுகிறது.

மூன்றாம் அட்டவணையில் விலகி நிற்கும் புள்ளியின் எண்கள் 13, 12.74. சராசரியிலிருந்து விலக்கங்கள் 4, 5.24, பெருக்கினால் ஏறக்குறைய 21. பதினொரு புள்ளிகளின் மொத்தம் 55. ஆக, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்த ஒற்றைப் புள்ளியிலிருந்தே வருகிறது. அதேசமயம் அது இரண்டாம் அளவின் பரவலை இன்னும் வேகமாகப் பெருக்கிவிடுகிறது. அதை நீக்கினால் மற்றப் பத்துக்கும் பியர்சன் கெழு கிட்டத்தட்ட 1. அதைச் சேர்த்தால் 0.816 ஆகக் குறைகிறது.

ஸ்பியர்மேன் 1904இல் முன்வைத்த வழி வேறு. அதில் எண்களை விட்டுவிட்டு அவற்றின் தரவரிசையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வகுப்பில் முதல் மாணவி 98, இரண்டாமவர் 97, மூன்றாமவர் 60 வாங்கினாலும் ரேங்க் 1, 2, 3தான். இடைவெளிகள் மறைந்து, யார் முன் யார் பின் என்பது மட்டும் மிஞ்சுகிறது.

மூன்றாம் அட்டவணைக்கு இதைச் செய்து பார்ப்போம். முதல் அளவு 4 முதல் 14 வரையிலான முழு எண்கள். சிறியதிலிருந்து தரம் கொடுத்தால் 1 முதல் 11 வரை. இரண்டாம் அளவின் தரங்களும் ஒன்பதாவது வரை அப்படியே பொருந்திப் போகின்றன. 13க்கு நேரே நிற்கும் 12.74 பட்டியலிலேயே பெரியது, ஆகவே அதன் தரம் 11. 14க்கு நேரே நிற்கும் 8.84இன் தரம் 10. இந்த இரண்டு இடங்களில் மட்டும் தர வேறுபாடு ஒன்று. வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 2. சூத்திரம் இது:

1 − 6 × 2 / (11 × 120) = 0.991

ஒற்றைப் புள்ளி தடுமாற வைத்த 0.816, தரவரிசைக்கு மாறியதும் 0.991 ஆகிவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் ‘ஸ்பியர்மேன் பாதுகாப்பானது, எப்போதும் அதையே போட்டுவிடலாம்’ என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னொரு சோதனை செய்யுங்கள். 12.74 என்பதை 127.4 என்று தவறுதலாகத் தட்டச்சு செய்ததாக வைத்துக்கொள்வோம். பியர்சன் கெழு 0.43 அளவுக்கு விழுந்து, ஏதோ சரியில்லை என்று எச்சரிக்கும். ஸ்பியர்மேன் அதே 0.991ஐக் காட்டும், ஏனென்றால் பெரியது எவ்வளவு பெரியதானாலும் தரம் 11தான். தரவரிசை அந்தப் புள்ளியின் தாக்கத்தைக் குறைக்கிறது, கூடவே அது அங்கே இருப்பதையும் நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அந்தப் புள்ளி அளவீட்டுப் பிழையா, உண்மையிலேயே வேறுபட்ட ஒன்றா என்று மூலப் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டிய கடமையை எந்தக் கெழுவும் நீக்கிவிடாது.

நான்காம் அட்டவணை இன்னும் கடுமையான பாடம். பத்துப் புள்ளிகளுக்கு முதல் அளவு 8, ஒன்றுக்கு மட்டும் 19. அந்த ஒன்றின் விலக்கங்கள் 10, 5, பெருக்கினால் 50. மொத்தமே 55தான். அதாவது 0.816 என்ற கெழு முழுவதும் ஒரே புள்ளியின் தோளில் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் முதல் அளவில் மாற்றமே இல்லை, ஒட்டுறவைக் கணக்கிடவே முடியாது. தரவரிசைக்குப் போனால்? பத்து எட்டுகளும் சமம் என்பதால் 1 முதல் 10 வரையிலான தரங்களின் சராசரியான 5.5ஐப் பத்தும் பகிர்ந்துகொள்ளும். அந்தத் தரங்களுக்குக் கெழு கண்டால் 0.5 வருகிறது. ஒட்டுறவு பற்றி எதுவுமே சொல்ல முடியாத தரவுக்கு 0.5! இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. மேலே பயன்படுத்திய குறுக்குச் சூத்திரம் சமத் தரங்கள் இல்லாத தரவுக்குத்தான் சரிப்படும். இதற்கு அப்படியே போட்டால் 0.625 என்ற தவறான விடை வரும். சமத் தரங்கள் இருந்தால், தரங்களையே எண்களாகக் கொண்டு பியர்சன் கணக்கைச் செய்வதே சரியான முறை. எக்செலில் RANK.AVG கொண்டு தரம் கொடுத்து, பிறகு CORREL போட்டால் இது கிடைத்துவிடும்.

இரண்டாம் அட்டவணையின் வளைவுக்கு ஸ்பியர்மேன் 0.691, அதாவது பியர்சனைவிடக் குறைவு. இரண்டு எண்களும் இங்கே பயனற்றவை. உறவு மிக வலுவானது, முதல் அளவைச் சொன்னால் இரண்டாவதை ஏறக்குறைய அப்படியே சொல்லிவிடலாம். ஆனால் முதல் அளவு 11ஐத் தாண்டியதும் ஏற்றம் இறக்கமாக மாறுகிறது. அதே வளைவு 18 வரை தொடர்ந்திருந்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டு கெழுக்களும் சுழியை ஒட்டி வந்திருக்கும். திரும்பி இறங்கும் உறவை ஒட்டுறவுக் கெழுவால் அளக்க முடியாது. அதற்கு வளைவையே பொருத்த வேண்டும்.

அப்படியானால் ஸ்பியர்மேனுக்கு உரிய இடம் எது? வளைந்தாலும் திரும்பாத உறவு. மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரஸ்டன் 1975இல் பல நாடுகளின் தனிநபர் வருமானத்தையும் சராசரி ஆயுளையும் படமாக வரைந்தார். ஏழை நாடுகளிடையே வருமானம் சிறிது கூடினாலும் ஆயுள் வேகமாக ஏறுகிறது. பணக்கார நாடுகளுக்கு வரும்போது வளைவு தட்டையாகிவிடுகிறது. இத்தகைய உருவத்தில் நேர்கோட்டையே அளவுகோலாகக் கொண்ட பியர்சன், உறவை உள்ளதைவிடப் பலவீனமாகக் காட்டும். தரவரிசை அந்த வளைவைப் பொருட்படுத்தாது. வருமானத்தின் மடக்கையை எடுத்து வரைந்தால் வளைவு பெரிதும் நிமிர்ந்துவிடும், அதன் பின் பியர்சனும் பொருந்தும். வருமானம் இரட்டித்தால் ஆயுள் எத்தனை ஆண்டு கூடுகிறது என்று அறிய விரும்புபவருக்கு மடக்கை வழியே நல்லது, ஏனெனில் தரவரிசை அந்த அளவைத் தூக்கி எறிந்துவிடும். நடுவர்கள் கொடுத்த இடங்கள், நோயாளி பத்துக்கு இத்தனை என்று சொல்லும் வலி அளவு போன்றவற்றில் இடைவெளிகளுக்கு முதலிலிருந்தே உறுதியான பொருள் இல்லை. அங்கே ஸ்பியர்மேன் இயல்பாகப் பொருந்துகிறது.

படத்தில் பார்க்க வேண்டியவை சிலவே. புள்ளிகள் நேர்கோட்டைச் சுற்றி நீள்வட்டமாகப் பரவியிருந்தால் பியர்சன் போதும். முதல் அட்டவணை அப்படித்தான்: பியர்சன் 0.816, ஸ்பியர்மேன் 0.818. ஒரே திசையில் போய்க்கொண்டே வளைந்தால் ஸ்பியர்மேன் அல்லது மடக்கை. திரும்பி இறங்கினால் இரண்டும் வேண்டாம். தனித்து நிற்கும் புள்ளி இருந்தால் கணக்கை நிறுத்திவிட்டு, அந்தப் புள்ளி எப்படி வந்தது என்று விசாரிக்க வேண்டும். பிழையென்றால் திருத்தலாம். உண்மையென்றால் அதைச் சேர்த்தும் விட்டும் கிடைத்த இரு விடைகளையும் வாசகருக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு கெழுக்களையும் கணக்கிட்டு, எது பெரிதோ அதை அறிக்கையில் போடுவது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது முடிவை முதலில் தீர்மானித்துவிட்டுச் சான்றைத் தேடுவதாகும். இரண்டும் வெகுவாக வேறுபட்டால், தரவின் உருவத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

ஆய்வேட்டிலோ செய்தியிலோ அலுவலக அறிக்கையிலோ ‘ஒட்டுறவு 0.8’ என்று கண்டால் சிதறல் படத்தைக் கேளுங்கள். நீங்களே கணக்கிடுபவர் என்றால் கெழுவைத் தேர்ந்தெடுக்கும் முன் படத்தை வரையுங்கள், அறிக்கையில் எண்ணின் பக்கத்திலேயே அதையும் அச்சிடுங்கள்.