20 சென் வாரண்டை 21 சென்னுக்கு வாங்கினாலும் மலிவா?

பாயான் லெப்பாஸில் இயங்கும் இனாரி போன்ற நிறுவனங்களின் பங்குகள் மீது புர்சா மலேசியாவில் ‘கால் வாரண்ட்’ விற்கப்படுகிறது. ஒரு பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமைதான் அது. இவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பிய வகையைச் சேர்ந்தவை. ஐரோப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உரிமையை முதிர்வு நாளில் மட்டுமே பயன்படுத்தலாம், முன்கூட்டி முடியாது என்பதே பொருள். முதிர்வில் பங்கு கைக்கு வராது. விலை வித்தியாசம் ரொக்கமாக வரும்.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். இன்றைய விலை 3 வெள்ளி 20 சென். ஆறு மாதத்தில் முதிரும் வாரண்டின் உரிமை விலை 3 வெள்ளி. மூன்று வாரண்டுக்கு ஒரு பங்கு என்பது விகிதம். வாரண்ட் விலை 7 சென் என்றால், ஒரு பங்குக்கான உரிமை 21 சென். பலர் விகிதத்தைப் பெருக்க மறந்து 7 சென்னையே பார்ப்பார்கள். பெருக்கிப் பார்ப்பவரோ, “வித்தியாசம் 20 சென்தானே, 21 சென் சரியான விலைதான்” என்பார்.

சரியில்லை. அந்த 3 வெள்ளியை இன்று கொடுக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கிகளில் வட்டிக் கணக்கு எழுதிய செட்டியார்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்காது. ஆண்டு வட்டி 3 விழுக்காடு, ஆறு மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடு என்றால், அன்று 3 வெள்ளி கிடைக்க இன்று 2 வெள்ளி 95.6 சென் போட்டு வைத்தால் போதும். 3.20 வெள்ளியிலிருந்து அதைக் கழித்தால் 24.4 சென். இடையில் லாபஈவு இல்லையென்றால், உரிமையின் விலை இதற்குக் கீழே போகக் கூடாது.

போனால் என்ன ஆகும்? 10,000 பங்குகளை இரவல் வாங்கி விற்கிறீர்கள். 32,000 வெள்ளி வருகிறது. 30,000 வாரண்டுகளுக்கு 2,100 வெள்ளி போக, மீதி 29,900-ஐ வைப்பில் போடுகிறீர்கள். ஆறு மாதத்தில் அது 30,348 வெள்ளி 50 சென் ஆகிறது. பங்கு 4 வெள்ளிக்கு ஏறியிருந்தால், திருப்பித் தரவேண்டிய பங்குகளை வாங்க 40,000 வேண்டும். வாரண்ட் 10,000 தரும், உங்கள் செலவு 30,000. கையில் 348.50 மிச்சம். பங்கு 2.50-க்கு இறங்கியிருந்தால் வாரண்ட் குப்பைக்குப் போகும். ஆனால் 25,000 வெள்ளிக்கே பங்குகள் கிடைப்பதால் மிச்சம் 5,348.50. எந்த விலையானாலும் 348.50-க்குக் குறையாது.

இரவல் வாங்கி விற்பதுதான் சிக்கல். மலேசியாவில் அது அங்கீகரிக்கப்பட்ட பங்குகளில் மட்டும், விதிகளுக்குள் நடப்பது. 2020 மார்ச் 24 முதல் அந்த ஆண்டு முடியும்வரை அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதே பங்கை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இரவல் தேவையில்லை. தம் பங்கை விற்று, வாரண்டும் வைப்பும் வாங்கினாலே போதும். அவர் இழப்பது ஒன்றுண்டு: லாபஈவு. ஆறு மாதத்தில் பங்குக்கு 4 சென் லாபஈவு வருமென்றால் எல்லை ஏறக்குறைய 20.4 சென்னுக்கு இறங்கிவிடும். 21 சென் வாரண்டில் ஒன்றும் கிடைக்காது. ‘மலிவு’ என்று கண்ணில் படுவதில் பாதி இப்படித்தான் கரையும்.

விற்கும் உரிமையான ‘புட்’டில் கதை தலைகீழ். பங்கு 2.60, உரிமை விலை 3 வெள்ளி. வித்தியாசம் 40 சென். ஆனால் அந்த 3 வெள்ளி கைக்கு வர ஆறு மாதம் ஆகும். ஆகவே எல்லை 2.956-இல் 2.60 போக 35.6 சென்தான். ஒரு பங்குக்கான புட் 37 சென்னுக்குக் கிடைத்தால், “40 சென் பொருள் மூன்று சென் தள்ளுபடியில்” என்று பாயக் கூடாது. இன்றே பயன்படுத்த முடியாத உரிமைக்கு அது முறையான விலையே. வாரண்டில் காலம் வாங்குபவரின் பக்கம் நிற்கிறது. புட்டில் எதிரில் நிற்கிறது.

33 சென்னுக்கு விற்றால் மட்டுமே மீறல். 29,300 வெள்ளி கடன் வாங்கி, 10,000 பங்குகளையும் அவற்றுக்கான புட்டையும் வாங்கினால், முதிர்வில் குறைந்தது 30,000 உறுதி. 3 விழுக்காட்டில் கடன் 29,739.50 ஆகும், லாபம் 260.50. இதே கடன் நமக்கு 6 விழுக்காட்டில் கிடைத்தால் கட்டவேண்டியது 30,179. லாபம் போய், விலை ஏறாவிட்டால் 179 வெள்ளி நட்டம். வங்கிக்கு மீறலாகத் தெரியும் விலை, நமக்கு மீறலே அல்ல.

திரையில் இப்படியொரு விலை தெரிந்தால், முதலில் அது எப்போது நடந்த வணிகம் என்று பாருங்கள். காலையில் விற்ற வாரண்டின் விலை அப்படியே நிற்க, பங்கு மதியத்தில் ஏறியிருக்கும். இப்போது விற்க முன்வருபவர் கேட்கும் விலையை வைத்தே கணக்குப் போட வேண்டும். பிறகு நிபந்தனைப் பத்திரத்தைப் படியுங்கள். முதிர்வு விலை பொதுவாக ஒரே நாளின் விலையாக இராது. கடைசி ஐந்து வணிக நாள்களின் சராசரியாக இருக்கும். கடைசி நாளில் பங்கு திடீரென 10 சென் எகிறினால், சராசரி அந்த அளவுக்கு எகிறாது; மேலே சொன்ன 348.50-ஐ அந்த இடைவெளியே விழுங்கிவிடும். அதற்கும் முன்பே தரகுக் கட்டணமும் முத்திரை வரியும் தம் பங்கை எடுத்திருக்கும்.