நீட்டிய லென்ஸ் உள்ளே போகவில்லையா?

பீரோவில் தூங்கிய பழைய டிஜிட்டல் கேமராக்களை இளசுகள் மீண்டும் தூசி தட்டி எடுக்கிறார்கள். கடற்கரைக்கு ஒருநாள் கொண்டுபோய் வந்தபின் பலருக்கும் நேர்வது இது: பட்டனை அழுத்தினால் லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிடும். திரையில் ‘Lens error, restart camera’ என்று காட்டிவிட்டு கேமரா அணைந்துவிடும்.

ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்களை ஒரு குட்டி மோட்டார் பிளாஸ்டிக் பற்சக்கரங்களைச் சுழற்றி வெளியே தள்ளுகிறது. லென்ஸ் உரிய இடத்துக்கு வந்து சேராவிட்டால், கேமரா மோட்டாரை நிறுத்திவிடும். குழாய் இடுக்கில் ஒரு மணல் துகள் சிக்கினாலே இது நடக்கும்.

முதலில் மெமரி கார்டை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கேமரா போனாலும் படங்கள் பிழைக்கும்.

அடுத்தது பேட்டரி. லென்ஸை நகர்த்த நிறைய மின்சாரம் தேவை. பலவீனமான பேட்டரி திரையை ஒளிரவைக்கும், லென்ஸைத் தள்ளாது. அதனால் பேட்டரியைக் கழற்றி, அதன் உலோக முனைகளையும் உள்ளே இருக்கும் முனைகளையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். முழுக்க சார்ஜ் ஏற்றிப் போடுங்கள். பென்சில் பேட்டரி போடும் கேமராவுக்கு, சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் மலிவு பேட்டரி ஒத்துவராது. புதிய ஆல்கலைன் அல்லது ரீசார்ஜ் பேட்டரி வேண்டும்.

இப்போது ஆன் செய்து, காதைக் கொடுங்கள். சத்தமே இல்லையென்றால் பேட்டரி, மோட்டார் அல்லது உள் இணைப்பில் கோளாறு. ‘கரகர’வென்று அரைத்தால் மணலாக இருக்கலாம். கீழே விழுந்த கேமராவில் ‘டக் டக்’ சத்தம் கேட்டால், அல்லது லென்ஸ் சாய்ந்திருந்தால், பற்சக்கரமோ குழாயோ தடம் மாறியிருக்கும். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

மணல் என்றால், கேமராவை அணைத்து, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். ரப்பர் ஊது பம்பால் குழாயைச் சுற்றி இடுக்கில் ஊதுங்கள். மெல்லிய தாள் துண்டை சில மில்லிமீட்டர் மட்டும் நுழைத்து, ஒரு சுற்று மெதுவாக நகர்த்துங்கள். அதே நிலையில் மீண்டும் ஆன் செய்யுங்கள். இரண்டு, மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் மணல் பற்சக்கரத்தைத் தேய்க்கும்.

வாயால் ஊதினால் ஈரம் போகும். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும். கையால் இழுத்தால் பற்கள் உடையும். கேமராவைப் பிரிக்கவே கூடாது: பிளாஷுக்கான கெபாசிட்டரில், பேட்டரியை எடுத்த பிறகும் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமராவில் பிழை வந்தால், லென்ஸின் பின்புறத்திலும் கேமராவின் வாயிலும் உள்ள பொன்னிறப் புள்ளிகளைத் துடைத்தாலே பெரும்பாலும் போதும்.

இதற்கும் அசையாவிட்டால், தண்ணீர் பட்டிருந்தால் அல்லது வாரன்டி பாக்கி இருந்தால், நேராக சர்வீஸ் சென்டர்தான். பல இடங்களில் லென்ஸ் பகுதியை மொத்தமாகவே மாற்றுவார்கள். செலவை முதலில் கேளுங்கள். அதே மாடல் பழைய கேமராவின் விலையைத் தாண்டினால், கார்டில் இருக்கும் படங்களோடு திருப்திப்பட்டுக்கொள்வதே லாபம்.