டையோடின் தடையும் டிரான்சிஸ்டரின் மெல்லிய அடிவாயும்

சிலிக்கான் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உண்டு. படிகத்தில் அவை நான்கும் பக்கத்து அணுக்களோடு பிணைந்துவிடுவதால், தூய சிலிக்கானில் மின்சாரத்தைச் சுமந்து செல்ல ஏறக்குறைய எதுவும் மிஞ்சுவதில்லை. அதில் மிகச் சிறிதளவு பாஸ்பரஸைக் கலந்தால் நிலைமை மாறுகிறது. பாஸ்பரஸின் ஐந்தாவது எலக்ட்ரான் பிணைப்பில் சேராமல் படிகத்துக்குள் அலைகிறது. இது என் வகை. மூன்றே எலக்ட்ரான்கள் உள்ள போரானைக் கலந்தால் பிணைப்பில் ஓரிடம் காலியாகிறது. ‘துளை’ எனப்படும் அந்தக் காலியிடம் நேர்மின் துகளைப் போலவே நகர்கிறது. இது பி வகை.

ஒரே படிகத்தின் ஒரு பாதி பி வகையாகவும் மறுபாதி என் வகையாகவும் இருந்தால் அது சந்தி டையோடு. சந்தியை ஒட்டியுள்ள எலக்ட்ரான்கள் பி பக்கம் கடந்து துளைகளை நிரப்புகின்றன. அதனால் என் பக்கத்தில் நேர்மின் அயனிகளும் பி பக்கத்தில் எதிர்மின் அயனிகளும் தனித்து நிற்க, அவை உண்டாக்கும் மின்புலம் அடுத்து வரும் எலக்ட்ரான்களைத் தடுக்கிறது. சிலிக்கானில் இந்தத் தடை சுமார் 0.7 வோல்ட்.

மின்கலத்தின் நேர்முனையைப் பி பக்கம் இணைத்தால் தடை தாழ்ந்து மின்னோட்டம் பாய்கிறது. இது முன்னோக்குச் சார்பு. முனைகளை மாற்றினால் தடை இன்னும் உயர்கிறது. கசிவாக மிகச் சிறிய மின்னோட்டமே மிஞ்சும். டையோடு தாங்கும் அளவுக்கு மேல் பின்னோக்கு மின்னழுத்தம் ஏறினால் மட்டும் அது முறிந்து கடத்தத் தொடங்கும்.

இந்த ஒருவழிக் குணமே மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கப் பயன்படுகிறது. வீட்டு மின்சாரத்தை ஒரு மின்மாற்றி 12 வோல்ட்டாகக் குறைத்துத் தருவதாகக் கொள்வோம். 12 என்பது சராசரி வகையைச் சேர்ந்த ஓர் அளவு. அலையின் உச்சம் 17 வோல்ட். நான்கு டையோடுகளைக் கொண்ட சமனச் சுற்றில் ஒவ்வோர் அரை அலையிலும் இரண்டு டையோடுகள் கடத்துகின்றன. அவற்றுக்கு 1.4 வோல்ட் போக, பின்னால் உள்ள மின்தேக்கி சுமார் 15.6 வோல்ட் வரை ஏறுகிறது. உச்சங்களுக்கு இடையே அது சற்று வடிவதால் ஏற்படும் அலைவு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸாக இருக்கும். ஒரு டையோடு அறுந்துவிட்டால் ஓர் அரை அலை வீணாகி, அலைவு 50 ஹெர்ட்ஸாக இறங்கிப் பெரிதாகும். ஒலிபெருக்கியில் இது கனத்த இரைச்சலாகக் கேட்கும். டையோடு குறுக்குச் சுற்றானால் நிலைமை மோசம்: மின்மாற்றியின் சுருளே குறுக்காக இணைந்து, உருகி போய்விடும்.

டிரான்சிஸ்டரில் இரண்டு சந்திகள் உள்ளன. என்பிஎன் வகையில் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என மூன்று அடுக்குகள். மல்டிமீட்டரில் சோதித்தால் முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு டையோடுகள் போலவே அது காட்டும். ஆனால் இரண்டு டையோடுகளைக் கம்பியால் இணைத்தால் டிரான்சிஸ்டர் கிடைக்காது. சூட்சுமம் அடிவாயில் இருக்கிறது: அது மிக மெல்லியது, மாசு குறைவாகக் கலந்தது. உமிழ்ப்பானிலிருந்து புகும் எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை அங்கே துளையைச் சந்திக்கும் முன்பே மறுகரையை எட்டி, பின்னோக்குச் சார்பில் உள்ள ஏற்பான் சந்தியால் இழுக்கப்படுகின்றன. 201 எலக்ட்ரான்கள் கிளம்பினால் 200 ஏற்பானுக்கும் ஒன்று அடிவாய்க்கும் போவதாக வைத்துக்கொண்டால், மின்னோட்டப் பெருக்கம் 200.

இனி ஒரு பெருக்கியைப் பார்ப்போம். மின்வழங்கி 12 வோல்ட். ஏற்பானில் 3 கிலோ ஓம் மின்தடை. அடிவாயில் 10 மைக்ரோ ஆம்பியர் பாயவிட்டால் ஏற்பானில் 2 மில்லி ஆம்பியர் பாயும். மின்தடையில் 6 வோல்ட் இறங்க, ஏற்பானில் மீதி 6 வோல்ட் நிற்கும். மேலும் கீழும் அசைய இடம் வேண்டும் என்பதால்தான் இந்த நடுநிலை. ஒலிவாங்கியின் சிக்னல் அடிவாய் மின்னழுத்தத்தை 5 மில்லி வோல்ட் உயர்த்தினால், அடிவாய் மின்னோட்டம் சுமார் 2 மைக்ரோ ஆம்பியரும், ஏற்பான் மின்னோட்டம் 0.4 மில்லி ஆம்பியரும் கூடும். மின்தடையில் கூடுதலாக 1.2 வோல்ட் இறங்கும். 5 மில்லி வோல்ட் 1.2 வோல்ட்டாக, அதாவது 240 மடங்காக ஆகிவிட்டது. உள்ளீடு ஏறும்போது வெளியீடு இறங்குவதால் அலை தலைகீழாக வரும். கூடுதல் ஆற்றல் முழுவதும் மின்வழங்கி தருவது. டிரான்சிஸ்டர் அதைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவே.

தொடக்க மின்னோட்டம் தராமல் அந்த 5 மில்லி வோல்ட்டை மட்டும் கொடுத்தால் அடிவாய்ச் சந்தியின் தடையைத் தாண்ட முடியாது. வெளியீட்டில் ஒன்றும் வராது. அதிகமாகத் தந்தாலோ ஏற்பான் மின்னழுத்தம் ஏறக்குறைய சுழிக்கு இறங்கி, அலையின் ஒரு பக்கம் வெட்டுப்படும். ஒரே வகை டிரான்சிஸ்டர்களிலும் பெருக்கம் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடும், சூட்டிலும் மாறும். எனவே உமிழ்ப்பானில் ஒரு சிறு மின்தடையைச் சேர்ப்பார்கள். மின்னோட்டம் கூடினால் அங்கே மின்னழுத்தம் உயர்ந்து, அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையிலான மின்னழுத்தம் குறைந்து, மின்னோட்டம் பழைய அளவுக்குத் திரும்பும். இதனால் பெருக்கம் குறையும். ஆனால் டிரான்சிஸ்டரை மாற்றினாலும் சுற்று ஏறக்குறைய அதேபோல் வேலை செய்யும்.