கிணற்று நீரில் யுரேனியம்: படிவு ஏன் மெல்லியதாக வேண்டும்?

நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் யுரேனியத்தில் இரண்டு வகை முக்கியம். யுரேனியம்-238 வெளிவிடும் ஆல்பா துகள்களில் பெரும்பாலானவை 4.20 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு கிளம்புகின்றன. யுரேனியம்-234இன் துகள்களுக்கு 4.77. ஒரு துகள் சிலிக்கான் உணர்கருவிக்குள் புகுந்து நின்றால், அது இழக்கும் ஒவ்வொரு 3.6 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் ஓர் எலெக்ட்ரான் விடுபடும். அந்த மின்னூட்டத்தை அளந்தால் ஆற்றல் தெரிந்துவிடும். திரையில் இரண்டு முகடுகள் தனித்தனியாக நிற்க வேண்டும்.

நீரை அப்படியே காய்ச்சி வற்றவைத்துத் தட்டில் பூசினால் அவை நிற்கா. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள நீர் என்று வைத்துக்கொள்வோம். 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டில் அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 160 மில்லிகிராமாகப் படியும். ஆல்பா துகளோ அத்தகைய உப்பில் ஐந்தாறு மில்லிகிராம் கனத்தைத் தாண்டுவதற்குள் நின்றுவிடும். அடியில் பிறப்பவை வெளியே வருவதே இல்லை. மேற்பரப்பில் பிறப்பவை முழு ஆற்றலோடு வரும். சற்றுக் கீழே பிறப்பவை வழியில் இழந்தது போக மிச்சத்தோடு வரும். சாய்வாக வருபவற்றுக்குப் பாதை இன்னும் நீளம். வழியில் ஆற்றல் குறையுமே தவிரக் கூடாது. அதனால் முகடு இடப்பக்கம் மட்டுமே சரிந்து பரவுகிறது. யுரேனியம்-234இன் வால் யுரேனியம்-238இன் முகட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்து, அதன் எண்ணிக்கையைப் பொய்யாகக் கூட்டுகிறது.

ஆகவே முதலில் அயனிப் பரிமாற்றப் பிசின் வழியே யுரேனியத்தை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு மின்படிவு. அமோனியம் சல்பேட் கரைசலின் அடியில் மெருகேற்றிய எவர்சில்வர் தட்டு எதிர்முனையாக இருக்கும். மேலே பிளாட்டினக் கம்பி. மின்சாரம் பாயும்போது தட்டை ஒட்டிய நீர் காரமாகி, யுரேனியம் ஹைட்ராக்சைடாக அதில் ஒட்டிக்கொள்கிறது. சுமார் ஒரு மணி நேரம் ஆகும். மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன்பே அமோனியா சேர்த்தாக வேண்டும். அந்த ஒரு நொடியைத் தவறவிட்டால் கரைசலின் அமிலம் படிவை மீண்டும் கரைத்துவிடும்.

அந்த லிட்டரில் 8 மைக்ரோகிராம் யுரேனியம் இருந்தால், படிவின் தடிமன் சில நானோமீட்டர்தான். அதில் துகள் இழப்பது ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் அளவே. நல்ல உணர்கருவியின் சொந்த மங்கலே அதைப்போல் பதினைந்து, இருபது மடங்கு. அதனால் இந்த இழப்பு கண்ணில் படாது. ஆனால் ஒரு சென்டிமீட்டர் காற்று கிட்டத்தட்ட ஒரு மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டை விழுங்கிவிடும் என்பதால், தட்டையும் உணர்கருவியையும் வெற்றிட அறையில் வைக்கிறார்கள். இவ்வளவு குறைந்த யுரேனியத்துக்கு ஒரு நாள் முழுக்க எண்ண வேண்டியிருக்கும்.

தட்டு பழுப்பேறித் தெரிந்தால், பிரிப்பில் தப்பிய இரும்பும் யுரேனியத்தோடு படிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அளந்து பார்த்தால் முகட்டின் வலப்பக்கம் செங்குத்தாக நிற்க, இடப்பக்கம் மட்டும் நீண்டு சரியும். கணினியில் வளைவைத் திருத்தி ஒப்பேற்றுவதைவிட, படிவை அமிலத்தில் கரைத்து மீண்டும் பிரிப்பதே சரி என்பேன். தொடக்கத்திலேயே தெரிந்த அளவு யுரேனியம்-232 சேர்த்திருந்தால், இடையில் எவ்வளவு வீணானாலும் அதன் முகடே கணக்கைக் காட்டிக்கொடுக்கும்.